கூறியது கூறல்: ஒரு கைப்பிரதியை முன்வைத்து

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று நம் இலக்கணக்காரர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். அதில் கூறியது கூறல் ஒன்று. தொல்காப்பிய மரபியலிலும் அது இருக்கிறது, நன்னூலிலும் இருக்கிறது. ஆனால் இதே மரபுதான் ஒரு சொல்லை இரண்டு, மூன்று, நான்கு முறை வரை அடுக்கலாம் என்று இடம் கொடுத்து, அதற்கு அடுக்குத்தொடர் என்று பெயரும் வைத்தது. தண்டியலங்காரமோ வந்த சொல் அதே பொருளில் மீண்டும் வருவதைப் பின்வருநிலை என்று அணியாகவே ஏற்றுக்கொண்டது. இதில் முரண் எதுவும் இல்லை. திரும்பி வருவதைக் குற்றமென்று அவர்கள் நினைக்கவில்லை. தெரியாமல் திரும்பி வருவதைத்தான் குற்றம் என்றார்கள். எழுதுகிறவன் பிரக்ஞையோடு அழைத்து வந்த சொல் ஒரு வகை. அவன் அசந்த நேரத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொண்ட சொல் இன்னொரு வகை. தமிழ் உரைநடையில், அதிலும் 'நான்' என்று தொடங்கி முன்னூறு பக்கம் ஓடும் கதைசொல்லலில், இந்த இரண்டாவது வகையை நாம் வெகு சுலபமாக மன்னித்துவிடுகிறோம் என்று எனக்குப் படுகிறது. 'அது அவருடைய நடை' என்று சொல்லிவிட்டால் விவகாரம் முடிந்துபோகிறது. நடை எது, வாய்ப்பழக்கம் எது என்று பிரித்துப் பார்க்கும் வேலை யாருக்கும் வேண்டாததாகிவிட்டது.

பொதுவாகப் பேசிப் பயனில்லை. சமீபத்தில் நான் வரி வரியாகப் படித்த ஒரு கைப்பிரதியை வைத்தே இதைச் சொல்கிறேன்.

எழுதியவர் ஜூஜுவாடிக்காரர். ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் சாலையில், தமிழ்நாடு முடிகிற இடத்தில் இருக்கிற ஊர் அது. ஒரு பக்கம் சிப்காட் ஆலைகள், எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. வீட்டில் தெலுங்கும் கடையில் கன்னடமும் பள்ளியில் தமிழுமாக வளர்கிறவர்கள் அங்கே சர்வ சாதாரணம். நண்பரும் அப்படித்தான். அவருடைய கதைசொல்லி வணிகவரிச் சோதனைச்சாவடிக்கு எதிரே ஒரு டேபிள் போட்டு, எழுதத் தெரியாத, அல்லது தமிழ் தெரியாத லாரி டிரைவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்துப் பிழைத்தவன். வேறு மாநிலத்துக்குப் போகிற சரக்கு தமிழ்நாட்டைக் கடக்க வேண்டுமானால், நுழைகிற சாவடியில் டிரான்ஸிட் பாஸ் வாங்கி, வெளியேறுகிற சாவடியில் அதை ஒப்படைக்க வேண்டியிருந்த காலம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சாவடிகள் போயின. அந்த டேபிளும் போயிற்று. இவ்வளவுதான் கதை. 312 பக்கங்கள். ஆறு வருஷமாக, ஷிப்டு இல்லாத நாட்களில், விட்டு விட்டு எழுதியது.

கைப்பிரதியில் உயிர் இருந்தது. முதல் வாசிப்பிலேயே அது தெரிந்தது. நாற்பதாவது பக்கத்தில் சலிப்பு தட்டியதும் தெரிந்தது. சம்பவத்தில் குறை இல்லை, மனிதர்களிலும் இல்லை. அப்படியானால் சலிப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடியதுதான் இந்தக் கட்டுரை.

*

முதல் வாசிப்பில் கையில் பென்சில் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வாசிப்பில் பென்சில் உண்டு. ஆனால் எதையும் அடிக்கவில்லை. தனிக் காகிதத்தில் சொல்லையும் பக்க எண்ணையும் மட்டும் குறித்துக்கொண்டே போனேன். பட்டியல் போடும்போதே திருத்தவும் தொடங்கிவிட்டால், பத்துப் பக்கத்துக்குள் கண் திருத்துகிறவனின் கண்ணாகிவிடும். பழக்கத்தின் முழு உருவம் தெரியாமல் போய்விடும். கைப்பிரதி கணினியில் ஏறியிருந்ததால் தேடச் சொன்னால் போதாதா என்று நண்பர் கேட்டார். தமிழில் அது பாதி வேலைதான் செய்யும். 'சட்டென்று' என்று தேடினால் 'சட்டென' அகப்படாது, 'சட்டுன்னு' அகப்படாது. 'கொண்டிருந்தான்' என்று தேடினால் 'கொண்டிருந்தேன்', 'கொண்டிருக்கிற', 'கொண்டிருந்தபோது' எல்லாம் தப்பித்துவிடும். சொல்லின் மாறாத நடுத்துண்டை, அதாவது 'கொண்டிரு' என்பதை மட்டும் கொடுத்துத் தேட வேண்டும். எதைத் தேடுவது என்பதைக் கண்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பட்டியல் முடிந்தபோது 'ஏனோ' 147 இடத்தில் இருந்தது. 'ஒரு மாதிரியாக', 'மெல்ல', 'சட்டென்று', 'ஒரு கணம்' ஆகியவை அதற்குப் பின்னால் நின்றன. பத்தியின் முடிவில் 'அவ்வளவுதான்' என்று 63 முறை. 'கொண்டிரு'வை எண்ணுவதை நடுவிலேயே நிறுத்திவிட்டேன்.

எண்ணிக்கையைவிட இடைவெளி முக்கியம். ஒரு சொல் முன்னூறு பக்கத்தில் மூன்று முறை வருவதும், ஒரே பக்கத்தில் மூன்று முறை வருவதும் ஒன்றல்ல. பக்க எண்களை வரிசையாகப் பார்த்தபோது ஒரு விஷயம் புலப்பட்டது. இந்தச் சொற்கள் சீராகப் பரவியிருக்கவில்லை. கொத்துக் கொத்தாக இருந்தன. நண்பரிடம் கேட்டபோது காரணம் கிடைத்தது. ஒவ்வொரு கொத்தும் அவர் புதிதாக உட்கார்ந்து எழுதத் தொடங்கிய நாள். பல வாரம் கழித்துப் பேனாவை எடுக்கிறவன் பழைய குரலுக்குள் நுழைய வேண்டும். அதற்கு அவனுக்குத் தெரிந்த கதவு பழகிய சொல்தான். 'அன்று ஏனோ மனசு ஒரு மாதிரியாக இருந்தது' என்று எழுதினால் குரல் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நல்ல பக்கங்கள் வருகின்றன. ஆகவே பல இடங்களில் வாக்கியத்துக்குள் போய்ச் சொல்லைச் செதுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அன்றைய உட்காரலின் முதல் பத்தியை முழுசாக எடுத்துவிட்டால் போதும். இரண்டாவது பத்தியில்தான் விஷயம் ஆரம்பித்திருந்தது.

*

எல்லா இடமும் அவ்வளவு சுலபமாக இல்லை. நடுவில், விஷயத்துக்குள்ளேயே, பழக்கம் ஊறியிருந்த ஒரு பத்தியைத் தருகிறேன். கைப்பிரதியில் இருந்தபடி:

'நான் டேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனோ அன்று மனசு ஒரு மாதிரியாக இருந்தது. வெளியே லாரிகள் நின்றுகொண்டிருந்தன. ஒரு டிரைவர் மெல்ல என்னிடம் வந்துகொண்டிருந்தான். அவன் முகம் ஏனோ ஒரு மாதிரியாக இருந்தது. சட்டென்று காகிதத்தை நீட்டினான். நான் ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் கையெழுத்து இல்லை. நான் மெல்ல அவனைப் பார்த்தேன். அவன் ஏனோ சிரித்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.'

பதினொரு வாக்கியங்கள். 'ஏனோ' மூன்று. 'ஒரு மாதிரியாக' இரண்டு. 'மெல்ல' இரண்டு. இவை கண்ணில் படுபவை. கண்ணில் படாதது வாக்கியங்களின் முடிவு. பதினொன்றில் ஏழு 'இருந்தேன், இருந்தது, இருந்தன, இருந்தான்' என்று ஒரே ஓசையில் இறங்குகின்றன. கடைசி ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டால் எந்த வாக்கியமும் மூன்று சொல்லுக்குக் குறையவில்லை, ஆறு சொல்லுக்கு மேல் போகவும் இல்லை. சலிப்புக்கு ஊற்று இங்கேதான்.

பழகிய சொற்களை முதலில் வெறுமனே நீக்கிப் பார்த்தேன்:

'நான் டேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே லாரிகள் நின்றன. ஒரு டிரைவர் என்னிடம் வந்தான். காகிதத்தை நீட்டினான். நான் அதைப் பார்த்தேன். அதில் கையெழுத்து இல்லை. நான் அவனைப் பார்த்தேன். அவன் சிரித்தான்.'

குற்றம் எதுவும் இல்லை. உயிரும் இல்லை. தந்தி மாதிரி இருக்கிறது. திருத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். எழுதியவரும் 'என் எழுத்தைக் கொன்றுவிட்டீர்கள்' என்று சண்டைக்கு வருகிறார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஏனென்றால் 'ஏனோ'வும் 'மெல்ல'வும் அர்த்தத்துக்காக அங்கே வரவில்லை, லயத்துக்காக வந்தவை. மூன்று சொல் வாக்கியத்தை ஐந்து சொல்லாக்கி ஒரு மூச்சு விடும் இடத்தை ஏற்படுத்திக் கொடுத்தவை. முட்டுக்கொடுத்திருந்த கட்டையை உருவினால் கூரை இறங்கத்தான் செய்யும். சொல்லை நீக்குவது ஒரு வேலை, வாக்கியத்தின் லயத்தை மாற்றுவது இன்னொரு வேலை என்று பிரித்து வைத்திருப்பது தவறு என்று இந்தப் பத்திதான் எனக்குக் காட்டியது. இரண்டும் ஒரே வேலை.

முட்டுக்கட்டை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு சுவர் எழுப்பப்படாமல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். 'முகம் ஒரு மாதிரியாக இருந்தது' என்று எழுதியவன் முகத்தைப் பார்க்கவில்லை. அல்லது பார்த்ததை எழுதச் சோம்பியிருக்கிறான். நண்பரிடம் ஒவ்வொரு கட்டையையும் கேள்வியாக்கிக் கேட்டேன். எந்த மாதிரி முகம்? என்ன வயசு? எவ்வளவு தூரம் லாரி நின்றிருந்தது? காகிதத்தில் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? பதில் எல்லாம் அவரிடம் இருந்தது, எழுத்தில்தான் இல்லை. அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். என் சொல் எதுவும் உள்ளே போகவில்லை. இதில் நான் பிடிவாதமாக இருந்தேன், ஏனென்றால் திருத்துகிறவன் எழுதத் தொடங்கிவிட்டால் எழுதியவனின் பழக்கம் போய்த் திருத்துகிறவனின் பழக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் அவர் எழுதிக் கொடுத்தது இது:

'அத்திப்பள்ளி வரை லாரிகள் நின்றிருந்த ராத்திரி. டேபிளுக்கு முன்னால் வந்து நின்ற டிரைவருக்கு இருபது இருபத்தோரு வயசுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே டீசல் கறை, அதைத் துடைத்த அடையாளம், துடைத்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கறை. காகிதத்தை நீட்டினான். மேலிருந்து கீழே, பில் நம்பர், சரக்கு, எடை, அனுப்பியவர் பெயர் என்று விரல் வைத்துக்கொண்டே வந்து அடியில் நின்றுவிட்டேன். கையெழுத்து இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது சிரித்துக்கொண்டிருந்தான்.'

ஏழு வாக்கியங்கள். சொற்கள் முறையே ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு, இரண்டு, பதினான்கு, இரண்டு, மூன்று. நீளம் மாறியதைவிட, அது எங்கே மாறியிருக்கிறது என்பதுதான் விஷயம். முகத்தைப் பார்க்கிற கண் தயங்கி நிற்கும் இடத்தில் வாக்கியம் நீண்டிருக்கிறது. பாரத்தில் விரல் இறங்கும் இடத்தில் வாக்கியமும் படிப்படியாக இறங்குகிறது. விரல் நின்றதும் இரண்டே சொல். 'கறை' இரண்டு முறை, 'துடைத்த' இரண்டு முறை வருகின்றன. ஆனால் அவை வாய்ப்பழக்கம் அல்ல. துடைத்தும் போகாத கறையைச் சொல்ல வேண்டுமானால் அந்தச் சொல் திரும்பி வரத்தான் வேண்டும். தண்டி அணி என்றது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஐந்து 'கொண்டிரு'வில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது, கடைசியில். ஐந்தாக இருந்தபோது அதற்கு அர்த்தம் எதுவும் இருக்கவில்லை. ஒன்றானதும் பேச ஆரம்பித்துவிட்டது. 'சிரித்தான்' என்றால் நான் நிமிர்ந்த பிறகு சிரித்தான். 'சிரித்துக்கொண்டிருந்தான்' என்றால் நான் நிமிர்வதற்கு முன்பே, என் விரல் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோதே, சிரிப்பு ஆரம்பமாகிவிட்டது. கையெழுத்து இல்லை என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். இன்னும் ஒரு ராத்திரி இங்கேயே கிடக்க வேண்டும் என்பதும் தெரியும். பழைய வடிவத்தில் இதே வினைதான் இருந்தது. ஆனால் அதற்கு முன் வந்த நான்கும் அதைக் கேட்கவிடாமல் செய்திருந்தன.

*

இங்கே எதிர்த் திசையில் ஒரு பள்ளம் இருக்கிறது. திரும்ப வரக்கூடாது என்ற பயத்தில் எல்லாச் சொல்லுக்கும் மாற்றுச் சொல் தேடுவது. ஃபௌலர் சகோதரர்கள் 1906இல் ஆங்கில நடையைப் பற்றி எழுதியபோது இந்த நோய்க்கு ஒரு பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். நாம் அதை அலங்கார மாற்று என்று சொல்லிக்கொள்ளலாம். தமிழில் இது ஆங்கிலத்தைவிட ஆபத்தானது. நம்மிடம் ஒரு பொருளுக்கு நான்கு சொல் இருக்கும். நான்கும் நான்கு வெவ்வேறு இடத்தைச் சேர்ந்தவையாக இருக்கும். நண்பர் தன் முதல் திருத்தத்தில் 'லாரி' அதிகமாகிவிட்டது என்று அஞ்சி, 'வாகனம்' என்றும் 'ஊர்தி' என்றும் 'கனரக வண்டி' என்றும் மாற்றிக்கொண்டு வந்தார். 'வாகனம்' போலீஸ்காரரின் சொல். 'ஊர்தி' அரசாங்கப் பலகையின் சொல். 'கனரக' செய்தித்தாளின் சொல். டேபிள் போட்டு உட்கார்ந்திருந்தவனுக்கு அது லாரி. வேறு ஒன்றாகவும் அது இருக்க முடியாது. எல்லாவற்றையும் பழையபடி 'லாரி' ஆக்கினோம்.

பொருளின் பெயரும், தொழிலின் பெயரும், ஆளின் பெயரும் எத்தனை முறை வந்தாலும் வாசகன் கண்ணில் உறுத்துவதில்லை. கண்ணாடி வழியாகப் பார்ப்பதைப் போல அவற்றின் வழியாகப் பொருளைப் பார்த்துவிடுகிறான். உறுத்துவது வினைக்கு முன்னால் ஒட்டும் சொற்கள்தாம்: மெல்ல, சட்டென்று, லேசாக. அடுத்தபடியாக உவமைகள். 'அடுப்பில் வைத்த பாத்திரம் போல' என்று ரோடு கொதித்ததை நண்பர் நான்கு இடத்தில் எழுதியிருந்தார். உவமை ஒருமுறைதான் கண்டுபிடிப்பு; இரண்டாவது முறை அது மரச்சாமான். நான்கில் எது நல்லதோ அதை மட்டும் வைத்தோம். அது முதலில் வந்தது அல்ல, மூன்றாவது. மற்ற மூன்று இடங்களிலும் வேறு உவமை தேடவில்லை. ரோடு கொதித்தது என்றே இருக்கிறது.

லயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். அதோடு விகுதியும் ஒட்டிக்கொள்ளும். இறந்த காலத்தில், ஒரே ஆளைப் பற்றி, தொடர்ந்து எழுதினால் ஆன், ஆன், ஆன் என்று ஓசை தட்டிக்கொண்டே போகும். ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நமக்கு வழிகள் உண்டு. பெயரில் முடியும் வாக்கியம். வினையே இல்லாத வாக்கியம். 'நான் உணர்ந்தேன்' என்பதற்குப் பதிலாக 'எனக்குத் தெரிந்தது'. இரண்டு முற்றில் ஒன்றை எச்சமாக்கி அடுத்ததோடு கோப்பது. 'இல்லை', 'வேண்டும்', 'போதும்' போன்ற, ஆளுக்கு ஆள் விகுதி மாறாத சொற்களில் முடிப்பது. ஆனால் இதை விதியாக்கி, ஒரு நீளம் ஒரு குட்டை, ஒரு வினை ஒரு பெயர் என்று மாற்றி மாற்றிப் போட்டால் அதுவே புதிய வாய்ப்பழக்கம். இரண்டு பக்கத்தில் வாசகன் கண்டுபிடித்துவிடுவான்.

நீளம்தான் தீர்வு என்பதும் இல்லை, குறுக்கம்தான் தீர்வு என்பதும் இல்லை. அசோகமித்திரன் குறுகிய, அலங்காரமற்ற வாக்கியங்களிலேயே நாவல்கள் எழுதினார், அவை தட்டையாகவில்லை. ஓசூரிலேயே வசிக்கிற பா. வெங்கடேசன் 'தாண்டவராயன் கதை'யில் (2008) நேரெதிர் வழியில் போனார். வாக்கியம் பக்கத்தை நிறைத்துக்கொண்டு ஓடுகிறது, முற்று வருவதற்குள் வாசகன் வெகுதூரம் போய்விடுகிறான். இருவரிடமும் வாக்கியத்தின் அளவைச் சொல்லவந்த விஷயம் தீர்மானித்திருக்கிறது. சோதிக்க ஒரே வழி வாய்விட்டுப் படிப்பது. ஃப்ளாபேர் தன் வாக்கியங்களை அறையில் கத்திப் படித்துச் சோதித்தது பிரசித்தம். நாங்கள் கத்தவில்லை. நண்பர் எழுதியதை அவர் கேட்க நான் படித்தேன். எங்கே என் குரல் தானாக ஒரே இடத்தில் தாழ்ந்ததோ அங்கே அவர் கோடு போட்டார். எழுதியவர் படித்தால் பயனில்லை. அவர் குரல் இல்லாத லயத்தையும் சேர்த்துப் படித்துவிடும்.

*

இதுவரை சொன்னது எழுதுகிறவனின் பழக்கத்தை. கதைசொல்லியின் பழக்கம் வேறு. 'நான்' என்று சொல்லும் கதையில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இந்தச் சொல் யாருடையது என்பது. 'ஏனோ' நண்பருடையது. அவர் கடிதத்திலும் அது இருந்தது, எழுதிய பழைய கவிதையிலும் இருந்தது. 'அவ்வளவுதான்' அந்த டேபிள்காரனுடையது. பாரத்தை நிரப்பி முடித்து டிரைவர் கையில் கொடுக்கும்போது அவன் சொல்வது. நண்பருடையதை இரக்கமில்லாமல் எடுத்தோம்; 147இல் இரண்டுதான் மிச்சம், அவனுக்கு உண்மையிலேயே காரணம் தெரியாத இரண்டு இடங்கள். அவனுடையதை எடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் 63 முறை வந்தால் அது அவனுடைய சொல்லாக இல்லாமல் பத்தி முடிந்ததற்கான முத்திரையாகிவிடுகிறது.

11 இடத்தில் வைத்தோம். எப்படித் தேர்ந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். முதல் ஐம்பது பக்கத்தில் ஆறு முறை, அவன் வாயிலிருந்தே, பாரத்தைக் கொடுக்கும்போது. அதற்குள் வாசகனுக்கு அது அவன் சொல் என்று பதிந்துவிடும். பிறகு நீண்ட இடைவெளி விட்டு விட்டு, நான்கு முறை. கடைசி முறை 2017 ஜூலை அத்தியாயத்தில். சாவடியின் ஷட்டர் இறங்கியிருக்கிறது. லாரிகள் நிற்காமல் போகின்றன. யாரோ ஒரு டிரைவர் வேகத்தைக் குறைத்து, இனி பாரம் வேண்டாமா என்று கன்னடத்தில் கேட்கிறான். அவ்வளவுதான் என்கிறான் இவன். கைப்பிரதியிலும் அந்த இடத்தில் அந்தச் சொல் இருந்தது. ஆனால் அது அறுபத்து மூன்றாவது.

வாய்மொழிக் கதை வேறு மாதிரி என்று ஒரு வாதம் உண்டு. மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் யுகோஸ்லாவியப் பாடகர்களை ஆராய்ந்து காட்டியதை எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் வாய்பாடுதான் கதைசொல்லியின் மூச்சு, அதைக் களைவது வாய்மொழிக்குத் துரோகம் என்பார்கள். லார்டின் புத்தகம் 1960இல் வந்தது. அதைப் படிக்காமலே இந்த வாதத்தைச் சொல்கிறவர்கள் நம்மிடம் அதிகம். பாடகன் அந்த நிமிஷத்திலேயே வரியைக் கட்டியாக வேண்டியவன், கேட்பவனோ பின்னால் திரும்பிப் போய்க் கேட்க முடியாதவன். வாய்பாடு இருவருக்கும் தேவை. அச்சில் படிக்கிறவன் பக்கத்தைத் திருப்ப முடியும். எழுதுகிறவனுக்கு அவசரம் எதுவும் இல்லை. காகிதத்தில் வாய்மொழியின் தோற்றத்தைக் கொண்டுவர அதன் முழு எண்ணிக்கையும் தேவையில்லை.

கடைசியாக, கைவைக்கவே கூடாத ஒன்று. கைப்பிரதி முழுக்க 'பில்லு கில்லு', 'லோடு கீடு', 'கையெழுத்து கியெழுத்து' என்று இருந்தது. கூறியது கூறல் என்று ஒரு திருத்தக்காரர் முதலில் இதைத்தான் அடிப்பார். இது திரும்பச் சொல்வது அல்ல, இலக்கணம். 'பில் முதலானவை எல்லாம்' என்பதை ஒற்றை எதிரொலியில் சொல்கிற முறை. தமிழில் கி என்றும், தெலுங்கிலும் கன்னடத்திலும் அதே எழுத்தின் மெலிந்த ஓசையிலும் முதல் அசை மாறும். மற்றபடி மூன்றும் ஒன்றே. மூன்று மொழி பேசுகிறவர்கள் ஒரு டேபிளைச் சுற்றி நிற்கும்போது, யார் எந்த மொழியில் சொன்னாலும் மற்ற இருவருக்கும் புரிகிற சொல் அது. அதை எடுத்துவிட்டு 'பில் உள்ளிட்ட ஆவணங்கள்' என்று போட்டால் வாக்கியம் சுத்தமாகிவிடும், ஜூஜுவாடி இருக்காது. இதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறோம்.

கைப்பிரதி இப்போது 241 பக்கம். 'என் ஆள் கொஞ்சம் கம்மியாகப் பேசுகிறான்' என்பது நண்பரின் புகார். கம்மியாகப் பேசுகிறான், கேட்கிறது என்பது என் பதில். அவருக்கு அது முழு சம்மதம் இல்லை. அச்சாகி வந்த பிறகு இந்த வழக்கை நீங்கள் தீர்க்கலாம்.